ஐந்து மணிக்கு ஒலிக்கும் பாட்டு

நண்பன் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு பதினோரு விநாடிதான் இருந்தது. வார்த்தை கிடையாது. "ம்ம்… ம்ம் ம்ம்…" என்று ஒரு மெட்டு. கடைசியில் மட்டும், "டேய், இது என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா" என்று ஒரு வரி.

அவன் ஜப்பானில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவன். மகள் பிறந்தது அங்கேதான். இங்கே வந்த பிறகும் சாயங்காலம் ஆனால் அவள் அந்த மெட்டை முனகிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுகிறாள். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் "வீட்டுக்குப் போற பாட்டு".

"எங்க கேட்ட?" என்று பதில் போட்டேன்.

"எங்க ஊர்ல தினமும் அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர்ல போடுவான். மணி அடிக்கிற மாதிரி சத்தம். ஷாஸாம் வெச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரல. ஆனா கேட்டா மோகனம் மாதிரி இல்ல?"

ஷாஸாமில் வராததில் ஆச்சரியமில்லை. அது மெட்டைத் தேடுவதில்லை, ஒலிப்பதிவைத் தேடுகிறது. வெளியான ஒரு பதிவின் ஒலிரேகையைத் தன் கிடங்கில் உள்ள ரேகைகளோடு ஒப்பிடுகிறது. நாம் முனகினால் அது நம்முடைய பதிவு, அந்தக் கிடங்கில் அதற்கு ரேகை கிடையாது. நமக்கு வேண்டியது பதிவைத் தாண்டி மெட்டையே பிடிக்கும் ஒரு வழி. அப்படிப்பட்ட வழிகளைக் கணினிக்கு முன்பே இரண்டு புத்தகங்கள் தந்திருக்கின்றன.

முதலில் மெட்டை எழுதவேண்டும். அவன் குரல் எந்தச் சுருதியில் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. கச்சேரி கேட்டவர்களுக்கு இது பழக்கம்தான். பாடுபவர் கட்டை ஒன்றில் பாடினாலும் ஐந்தில் பாடினாலும் கல்யாணி கல்யாணிதான். மெட்டு எந்த இடத்தில் 'வந்து சேர்ந்தது' போல உட்காருகிறதோ அதைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் போதும். அப்படி வைத்தபோது அவன் முனகல் இப்படி வந்தது:

க ப ப – க ரி ச – ரி க ப க ரி
க ப ப – க ரி ச – ரி க ரி ச ச

முதல் காந்தாரம் சற்று நீளம், அடுத்த பஞ்சமம் சுருக்கென்று தொட்டுவிட்டு, மறுபடியும் அதே பஞ்சமத்தில் நிற்கிறது. மத்தியமம் இல்லை, நிஷாதம் இல்லை. இதுவரைக்கும் நண்பன் சொன்னது சரிதான், மோகனத்தின் சுரங்கள்தான். தைவதம் இன்னும் வரவில்லை, அவ்வளவே.

இனி புத்தகம். 1948-இல் நியூயார்க்கில் ஹெரால்ட் பார்லோ, சாம் மார்கன்ஸ்டர்ன் என்ற இருவர் இசைக் கருப்பொருள்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டார்கள். சுமார் பத்தாயிரம் மெட்டுகள். முன்பகுதியில் இசையமைப்பாளர் பெயர் வரிசையில் ஒவ்வொரு படைப்பின் முக்கிய மெட்டும் சுரக்குறிப்பாக அச்சாகியிருக்கும். அந்தப் புத்தகத்தின் மூளை பின்பகுதியில் இருக்கிறது. எல்லா மெட்டையும் ஒரே சுருதிக்கு, அதாவது 'சி'க்கு மாற்றி, முதல் சில சுரங்களை எழுத்துகளாக எழுதி, அகரவரிசையில் அடுக்கிவிட்டார்கள். சட்ஜம் 'சி' என்றால் ரிஷபம் 'டி', காந்தாரம் 'இ', பஞ்சமம் 'ஜி'. நம் மெட்டு இப்படி ஆகும்:

```
E G G E D C
```

அகராதியில் வார்த்தை தேடுவதுபோல 'இ'க்குப் போய், அதற்குள் 'இ ஜி'க்குப் போய், விரலை ஓட்டிக்கொண்டே வரவேண்டும். எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணோடு முன்பகுதிக்குத் திரும்பினால் மெட்டு யாருடையது என்று தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுரம் எழுதத் தெரியாதவர் என்ன செய்வது? அவருக்காக ஓர் ஆங்கிலேயர் வேறு வழி யோசித்தார். டெனிஸ் பார்சன்ஸ் என்று பெயர், அவருடைய புத்தகம் வந்தது 1975-இல். சுரமே வேண்டாம் என்றார் அவர். அடுத்த சத்தம் முந்தையதைவிட மேலே போனால் 'யு', கீழே வந்தால் 'டி', அதே இடத்தில் நின்றால் 'ஆர்'. முதல் சத்தத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதெல்லாம் வேண்டாம். நம் மெட்டின் முதல் பதினாறு சுரங்கள் இப்படி வரும்:

```
*URDDD UUUDD UURDD
```

இதைப் பார்த்தால், 'இவ்வளவு மொட்டையான தகவலை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு சுரம் என்றால் ஐந்து நகர்வுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று சாத்தியம். மொத்தம் 243 வடிவங்கள்தான். ஆயிரக்கணக்கான மெட்டுகளை 243 பெட்டியில் போட்டால் ஒவ்வொன்றிலும் கூட்டம் நெரியும். பதினாறு சுரம் என்றால் பதினைந்து நகர்வுகள், சாத்தியங்கள் சுமார் 1 கோடியே 43 லட்சம். அங்கே பெரும்பாலான மெட்டுகள் தனியாகவே நிற்கும். அதனால்தான் முனகி அனுப்புபவரிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் தூரம் பாடு."

இந்த முறை தவறும் இடம் ஒன்று இருக்கிறது. நினைவில் இருக்கும் மெட்டில் முதலில் தேய்ந்துபோவது, அடுத்தடுத்து வரும் ஒரே சுரம். 'ப ப' என்று இரண்டாக இருந்தது, முனகும்போது ஒரு நீண்ட 'ப'வாக ஆகிவிடும். நண்பன் இரண்டாம் முறை அனுப்பிய பதிவில் அப்படித்தான் ஆகியிருந்தது. அதை அப்படியே எழுதினால், 'ஆர்' தொலைந்து, மீதி எல்லாம் ஓர் இடம் முன்னே தள்ளி வந்துவிடும். பார்லோ அகராதியிலும் 'இ ஜி ஜி இ' என்பது 'இ ஜி இ டி' ஆகி, நாம் வேறு பக்கத்தில் நின்றுகொண்டிருப்போம். பார்சன்ஸின் வழி அபசுரத்தை மன்னிக்கும், ஆனால் விட்டுப்போன சுரத்தை மன்னிக்காது. எனவே நீண்டு நிற்கும் சுரம் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் ஒருமுறை ஒன்றாகவும் ஒருமுறை இரண்டாகவும் எழுதித் தேடிப் பார்க்கவேண்டும்.

'இ ஜி ஜி இ டி சி' என்ற எழுத்துகள் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் அன்டோனின் ட்வோர்ஷாக். இ மைனர் சிம்பொனி, ஓபஸ் 95, 'புதிய உலகிலிருந்து'. அதன் இரண்டாம் பகுதியான லார்கோ.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இன்று இதை ஒன்பதாம் சிம்பொனி என்கிறோம். பழைய இசைத்தட்டு உறைகளிலும் பழைய நூல்களிலும் இதுவே ஐந்தாம் சிம்பொனி. ட்வோர்ஷாக்கின் ஆரம்பகாலச் சிம்பொனிகள் அவர் வாழ்நாளில் அச்சேறாததால், அச்சான வரிசைக்குத்தான் எண் கொடுத்திருந்தார்கள். எழுதிய வரிசைப்படி எண் மாறியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். தாத்தா காலத்து இசைத்தட்டில் 'ஐந்து' என்று பார்த்துவிட்டு, இன்றைய ஐந்தாம் சிம்பொனியை ஓடவிட்டால் இந்த மெட்டு கடைசிவரை வராது. எண்ணை நம்பாமல் ஓபஸ் 95 என்பதைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பெயர் கிடைத்ததும் நண்பனுக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பதில்: "இது இல்லடா. ஆரம்பமே வேற மாதிரி இருக்கு."

அவன் சிம்பொனியை முதலிலிருந்து போட்டிருக்கிறான். நான் இரண்டாம் பகுதி என்று மறுபடி சொன்னேன். "அதையும் போட்டேன், ஏதோ கோயில்ல ஊதுற மாதிரி வருது" என்றான். அதுவும் சரிதான். லார்கோ அந்த மெட்டோடு தொடங்குவதில்லை. முதலில் காற்று வாத்தியங்கள் மட்டும், அதிலும் பித்தளை வாத்தியங்கள் முன்நின்று, மெதுவாகச் சில சுரக்கோவைகளை ஊதும். இ மேஜரில் தொடங்கி, எங்கோ போய், டி ஃபிளாட் மேஜரில் வந்து இறங்கும். ஒரு கதவைத் தள்ளித் திறப்பதுபோல இருக்கும். பிறகு தந்தி வாத்தியங்கள் மென்மையாகத் தரை விரிக்கும். அதன்மேல்தான் அந்த மெட்டு வரும். இதற்கு முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல் பொறுமை வேண்டும். நினைவு எப்போதும் மெட்டிலிருந்துதான் தொடங்குகிறது, படைப்பு அப்படித் தொடங்கவேண்டிய அவசியம் இல்லை. சரியான படைப்பைக் கையில் வைத்துக்கொண்டே 'இது இல்லை' என்று மூடிவைத்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

மெட்டை வாசிக்கும் வாத்தியம் கோர் ஆங்கிலே. ஓபோவின் குடும்பம்தான், ஆனால் இன்னும் தாழ்ந்த, கம்மிய குரல். நம் நாதஸ்வரத்தில் இருப்பதுபோல இதிலும் சீவாளிதான், இரண்டு நாக்குகள் சேர்ந்து அதிரும் சீவாளி. ஜப்பான் ஊர் ஒலிபெருக்கியில் வந்ததோ மணிச்சத்தம். 'என்ன வாத்தியம்?' என்ற கேள்வி மட்டும் கையில் இருந்தால் நாம் இங்கே வந்து சேர்ந்திருக்கவே முடியாது.

இதுதானா என்று உறுதிசெய்ய இன்னொரு சோதனையும் இருந்தது. மெட்டின் நடுப்பகுதியில், முதல் இரண்டு வரிக்குப் பிறகு, அது மேலே ஏறி 'த ச ச – நி ப த' என்று ஒரு திருப்பம் எடுக்கும். அந்த இடத்தில் நிஷாதம் வந்துவிடுகிறது. மோகனம் அங்கே உடைகிறது. "அதுக்கப்புறம் மேல போகுமே, அத பாப்பாவைப் பாடச் சொல்லு" என்றேன். அவள் பாடிய பதிவு வந்தது. நிஷாதம் இருந்தது. சந்தேகம் தீர்ந்தது.

மெட்டு கிடைத்துவிட்டது. ஆனால் 'எங்கே கேட்டாய்?' என்ற கேள்வி அதோடு முடிவதில்லை.

ஜப்பானில் ஊர்தோறும் ஒலிபெருக்கிக் கம்பங்கள் இருக்கின்றன. நிலநடுக்கம், சுனாமி போன்ற ஆபத்துக் காலத்தில் ஊர்மக்களை எச்சரிப்பதற்காக உள்ளாட்சிகள் நிறுவியவை. அவசரத்துக்கு வேலை செய்யுமா என்று தினமும் சோதிக்கவேண்டும். வெறும் 'பீப்' சத்தம் போடுவதற்குப் பதில் சாயங்காலத்தில் ஒரு மெட்டு போடுகிறார்கள். விளையாடும் பிள்ளைகளுக்கு அது வீடு திரும்பும் மணியும் ஆகிவிட்டது. குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டுவதால் சில ஊர்களில் நேரத்தையும் முன்தள்ளிவிடுவார்கள். எந்த மெட்டு என்பது ஊருக்கு ஊர் மாறும். பல ஊர்களில் அது ட்வோர்ஷாக்கின் லார்கோ. அங்கே அதற்குப் பெயர் 'இயேஜி', வீட்டுக்குப் போகும் வழி. ஹோரியுச்சி கெய்ஸோ என்பவர் தூரத்து மலையில் சூரியன் இறங்குவதைப் பற்றி இதற்கு ஜப்பானியச் சொற்கள் எழுதியிருக்கிறார். அதைப் பள்ளிப் பிள்ளைகள் முகாம்களில் பாடுவார்கள். கடை மூடும் நேரத்திலும் இதைக் கேட்கலாம். அங்கே வளர்ந்த ஒருவருக்கு இது ஜப்பானியப் பாட்டு என்று தோன்றினால் குற்றம் சொல்ல முடியாது. 'யோனானுகி' என்று அவர்களிடம் ஒரு சுரவரிசை உண்டு. நான்காவதும் ஏழாவதும் நீக்கியது என்று பொருள். மத்தியமமும் நிஷாதமும் நீக்கினால் மிஞ்சுவது நம் மோகனத்தின் ஐந்து சுரங்கள்தானே.

இதே கேள்வியை 1970-களில் பிரிட்டனில் கேட்டிருந்தால் பதில் வேறு. "அதுவா? அது ரொட்டி விளம்பரப் பாட்டு." 1973-இல் ஹோவிஸ் ரொட்டிக்கு ஒரு விளம்பரம் வந்தது. செங்குத்தான கல் பாவிய தெருவில் ஒரு பையன் ரொட்டிக் கூடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறுவான். இயக்கியவர் ரிட்லி ஸ்காட், பின்னால் 'ஏலியன்', 'கிளாடியேட்டர்' எடுத்தவர். பின்னணியில் லார்கோவைப் பித்தளை வாத்தியக் குழு வாசிக்கும். அந்தக் குழு இசை இங்கிலாந்தின் வடக்குச் சுரங்க ஊர்களோடு ஒட்டியது என்பதால், அந்தத் தெருவும் வடக்கே எங்கோ இருப்பதாகப் பார்த்தவர்கள் பலர் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அது தெற்கே டார்செட் மாவட்டத்தில், ஷாஃப்ட்ஸ்பரி ஊரின் கோல்ட் ஹில் தெரு. ஒரு மெட்டு ஒரு தெருவையே வேறு ஊருக்கு இடம் மாற்றிவிட்டது.

அமெரிக்காவில் கேட்டிருந்தால் பதில் இன்னும் கனமானது. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தார். மறுநாள் அவர் உடல் அங்கிருந்து கிளம்பியபோது கிரஹாம் ஜாக்சன் என்ற கறுப்பின இசைக்கலைஞர், கடற்படைச் சீருடையில், கண்ணீர் வழிய வழிய அக்கார்டியன் வாசித்தார். எட் கிளார்க் எடுத்த அந்தப் புகைப்படம் 'லைஃப்' இதழில் வந்து உலகப் புகழ் பெற்றது. அவர் வாசித்தது இந்த மெட்டைத்தான், 'கோயிங் ஹோம்' என்ற பெயரில். பால் ராப்சன் தன் கனத்த குரலில் பாடியதும் இதையே. இப்படிக் கேட்டவர்களுக்கு இது அடிமைகளாக இருந்த மக்களின் ஆன்மிகப் பாடல் என்றே படுகிறது. 'ட்வோர்ஷாக் அதைக் கேட்டு, எடுத்து, தன் சிம்பொனியில் வைத்துக்கொண்டார்' என்று இன்றும் பலர் நம்பிக்கையோடு சொல்வார்கள்.

விளம்பரத்தில் தெரு மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. இதில் அப்படியில்லை. யாருடைய பாட்டு, யார் எடுத்தார் என்ற கேள்வி இது. கறுப்பின மக்களிடமிருந்து எடுத்த இசைக்கு வேறொருவர் பெயர் போட்டுக்கொண்ட கதைகள் அமெரிக்காவில் குறைவில்லை. எனவே இதை 'சும்மா ஒரு வதந்தி' என்று தள்ளிவிடாமல் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை.

1892 செப்டம்பரில் ட்வோர்ஷாக் நியூயார்க் வருகிறார். ஜெனட் தர்பர் என்ற பெண்மணி நிறுவிய தேசிய இசைக் கல்லூரிக்குத் தலைவராக அழைக்கப்பட்டவர். அங்கே ஹாரி பர்லி என்ற கறுப்பின மாணவர் படித்துக்கொண்டிருந்தார். பர்லியின் தாய்வழித் தாத்தா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பழைய பாடல்களைப் பேரன் கற்றது அவரிடமிருந்து. பர்லி அவற்றைப் பாட, ட்வோர்ஷாக் மீண்டும் மீண்டும் கேட்டார். 1893 மே மாதம் 'நியூயார்க் ஹெரால்ட்' நாளிதழில், அமெரிக்காவின் எதிர்கால இசை கறுப்பின மக்களின் மெட்டுகள்மேல்தான் எழவேண்டும் என்ற அவர் கருத்து வெளியானது. அந்தக் காலத்துக்கு அது பெரிய கலகம். 1893 டிசம்பர் 16 அன்று கார்னகி ஹாலில் ஆன்டன் சைடல் நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழு இந்தச் சிம்பொனியை அரங்கேற்றியது.

அதையொட்டி ட்வோர்ஷாக் பத்திரிகைக்குத் தந்த விளக்கத்தில், தான் எந்த மெட்டையும் அப்படியே எடுக்கவில்லை, அவற்றின் தன்மையை உள்வாங்கித் தன் மெட்டுகளை எழுதினேன் என்றார். இரண்டாம் பகுதியை லாங்ஃபெலோவின் 'ஹயவாதா' காவியத்தோடு தொடர்புபடுத்தினார், பின்னால் எழுத நினைத்த ஒரு பெரிய படைப்புக்கான முன்வரைவு என்றார். அவர் சொன்ன கதையில் அமெரிக்கப் பூர்வகுடிகள் வருகிறார்கள். வீடு திரும்புவது பற்றிப் பேச்சே இல்லை.

அப்படியானால் 'கோயிங் ஹோம்' எங்கிருந்து வந்தது? 1922-இல் வந்தது. எழுதியவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர், ட்வோர்ஷாக்கிடம் அதே கல்லூரியில் படித்தவர், வெள்ளையர். ஆசிரியர் இறந்து பதினெட்டு வருடம் கழித்து, லார்கோ மெட்டுக்குக் கறுப்பின மக்களின் பேச்சுநடையில் சொற்கள் எழுதி, பாஸ்டனில் பதிப்பித்தார். மெட்டு ட்வோர்ஷாக்கின் லார்கோவிலிருந்து எடுத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. பாட்டு பரவியபோது அச்சிட்ட தாளைப் பார்த்தவர்கள் கொஞ்சம், காதால் கேட்டவர்கள் ஏராளம். அந்தச் சொற்களின் நடையைக் கேட்டவர்கள், இது பழைய ஆன்மிகப் பாடல் என்றே எடுத்துக்கொண்டார்கள். பாட்டு சிம்பொனிக்குப் பிறகு பிறந்தது. கேட்டவர்கள் அதைச் சிம்பொனிக்குத் தாயாக்கிவிட்டார்கள்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ட்வோர்ஷாக்கின் வரைவுத் தாள்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் இந்த மெட்டின் முதல் வடிவமும் நாம் இன்று கேட்கும் வடிவமும் ஒன்றல்ல. அவர் அதை அடித்துத் திருத்தி, ஐந்து சுரத் தன்மையை நோக்கி நகர்த்திக்கொண்டு போயிருக்கிறார். கேட்ட பாட்டை எழுதிவைப்பவர் கேட்டபடிதான் முதலில் எழுதுவார். இங்கே நாட்டுப்பாடல் போன்ற எளிமை கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறது. அது தேடிச் செய்த எளிமை.

இதனால் பர்லியின் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் தன்மையை ட்வோர்ஷாக் யாரிடம் கேட்டார் என்று பார்த்தால், பர்லியின் குரல் அங்கே இருக்கிறது. மெட்டு ட்வோர்ஷாக்கினுடையது, அவர் காது கற்ற இடங்களில் ஒன்று பர்லியின் பாட்டு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை. 'அவர் திருடினார்' என்பதும் 'அவர் தானாகவே படைத்தார்' என்பதும் இதில் பாதியைத்தான் சொல்கின்றன. பர்லி பின்னாளில் அந்த ஆன்மிகப் பாடல்களை மேடைக் கச்சேரிக்காக அமைத்துத் தன் பெயரிலேயே பதிப்பித்தார். 'டீப் ரிவர்' என்ற பாடல் அவருடைய அமைப்பில்தான் கச்சேரி மேடைகளில் புகழ்பெற்றது. உண்மையான ஆன்மிகப் பாடல் கேட்க விரும்புகிறவர் போகவேண்டிய இடம் அது.

இந்தத் தேடலில் நான் கற்றது இதுதான். ஒரு மெட்டை எங்கே கேட்டோம் என்பது முதல் துப்பு. அது இல்லாமல் ஐந்து மணி ஒலிபெருக்கி என்ற வழியே எனக்குத் திறந்திருக்காது. ஆனால் கேட்ட இடம் ஒரு பெயரைத் தரும், அந்தப் பெயர் எப்போதும் அந்த இடத்தினுடையது. ஜப்பானில் 'இயேஜி', பிரிட்டனில் ரொட்டி விளம்பரம், அமெரிக்காவில் ஆன்மிகப் பாடல், சென்னையில் மோகனம். ஐந்து சுரத்து மெட்டு என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். உலகத்தில் எத்தனையோ ஊர்களில் அந்த ஐந்து சுரங்கள் சொந்த வீட்டுச் சாமான் மாதிரி கிடக்கின்றன. யார் கேட்டாலும் 'இது நம்மளுது' என்று தோன்றும். மெட்டு எது என்று கண்டுபிடிக்க அதன் ஏற்ற இறக்கம் போதும். யாருடையது என்று சொல்ல, தேதி வேண்டும்.

இதையெல்லாம் நண்பனுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். இரவு போன் செய்தான்.

"அப்போ அந்த ட்வோர்ஷாக் இத வீட்டுக்குப் போற பாட்டுன்னு எழுதலயா?"

"அப்படி அவர் சொல்லல. அந்தப் பேரு இருபத்தொம்பது வருஷம் கழிச்சு வந்தது."

கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. அவர் நியூயார்க்கில் இருந்தபோது தன் பொஹீமியாவை நினைத்து ஏங்கினார் என்று அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஃபிஷரும் அந்த ஏக்கத்தைத்தான் இந்த மெட்டில் கேட்டார் என்று சொன்னேன். 1895-இல் அவர் ஊர் திரும்பிவிட்டார், பிறகு அமெரிக்காவுக்குப் போகவே இல்லை என்றும் சொன்னேன்.

"பாப்பாகிட்ட என்ன சொல்றது?"

"ட்வோர்ஷாக்குன்னு ஒருத்தர் எழுதுனது, பேரு லார்கோன்னு சொல்லு. ஆரம்பத்துல ஊதுறது முடியற வரைக்கும் பொறுமையா உக்காரச் சொல்லு."

மறுநாள் சாயங்காலம் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் பித்தளை வாத்தியங்கள் மெதுவாக ஊதிக்கொண்டிருந்தன. தந்திகள் தரை விரித்தன. கோர் ஆங்கிலே தொடங்கியதும் குழந்தையின் குரல் கேட்டது: "அப்பா, அஞ்சு மணி ஆயிடுச்சா?"